'வீக் ஆசிட்'னா ஆபத்து இல்லையா? அமிலத்தின் வலிமை வேறு, செறிவு வேறு... எப்படித் தெரியுமா?

2012 செப்டம்பர் 27. தென் கொரியாவின் குமி நகரில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், டேங்கர் கலனில் வந்த ரசாயனத்தை இறக்கிக்கொண்டிருந்தனர். திடீரென கசிவு ஏற்பட்டு, வெள்ளைப் புகை போல ஒரு வாயு பரவியது. சுமார் 8 டன் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு காற்றில் கலந்தது. தொழிலாளர்கள் 5 பேர் உயிரிழந்தனர். அக்கம்பக்கத்து ஊர்களில் பயிர்கள் கருகின, கால்நடைகள் பாதிக்கப்பட்டன. 3,000-க்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றனர். அந்தப் பகுதியையே சிறப்புப் பேரிடர் பகுதியாக அந்நாட்டு அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடு தண்ணீரில் கரைந்தால் கிடைப்பதுதான் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். வேதியியலில் இதைச் சுருக்கமாக HF என்று எழுதுவார்கள்.

இப்போது ஒரு பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை எடுத்து, வலிமை குறைந்த அமிலங்களின் பட்டியலைப் பாருங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தோடு அதே பட்டியலில் HF-ம் இருக்கும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு அது 'வீக் ஆசிட்'.

ஆளையே கொல்லக்கூடிய ஒன்று எப்படி வீக் ஆகும்? புத்தகத்தில் தப்பா?

புத்தகம் சரிதான். அந்தச் சொல்லை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் சிக்கல். இந்தச் சிக்கலுக்கு நம்ம ஊர் டீக்கடைக்கும் ஒரு பங்கு உண்டு.

'ஸ்ட்ராங்கா ஒரு டீ' சொன்னதால் வந்த குழப்பம்

"அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? டிகாக்ஷனைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார். "லைட்டா" என்றால் குறைப்பார். ஆக, அன்றாடப் பேச்சில் 'ஸ்ட்ராங்' என்றால், ஒரு டம்ளருக்குள் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அர்த்தம்.

வேதியியலில் இதற்குப் பெயர் செறிவு. ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற கணக்கு அது. நிறைய இருந்தால் அடர் அமிலம். தண்ணீர் விட்டுக் குறைத்தால் நீர்த்த அமிலம். டீக்கடைக்காரர் கூட்டிக் குறைப்பது போல இதை நாமே கூட்டலாம், குறைக்கலாம்.

வலிமை என்பது முற்றிலும் வேறு கேள்வி. தண்ணீருக்குள் போன அமில மூலக்கூறுகளில் எத்தனை உடைகின்றன என்பதுதான் அது.

அமிலத்துக்கு அமிலத்தன்மை தருவது ஹைட்ரஜன் அயனி. அமில மூலக்கூறு தண்ணீரில் உடையும்போதுதான் அது வெளியே வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அதாவது HCl-ஐ, தண்ணீரில் விட்டால் அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய அத்தனையும் உடைந்துவிடும். மிச்சம் வைக்காது. அதனால் அது வலிமை மிகு அமிலம். கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் ஆகியவையும் இதே ரகம்தான்.

அசிட்டிக் அமிலம் அப்படி இல்லை. வினிகரில் இருக்கும் 1,000 அசிட்டிக் அமில மூலக்கூறுகளில், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் 4 அல்லது 5 மட்டுமே உடைந்த நிலையில் இருக்கும். மற்றவை முழு மூலக்கூறாகவே மிதந்துகொண்டிருக்கும். அதனால் அது வலிமை குறைந்த அமிலம்.

எவ்வளவு உடைய வேண்டும் என்பது அந்த மூலக்கூறின் அமைப்பிலேயே தீர்மானமான விஷயம். பாட்டிலில் எவ்வளவு ஊற்றினாலும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அசிட்டிக் அமிலம் HCl ஆகிவிடாது. சுருக்கமாகச் சொன்னால், வலிமை அமிலத்தின் குணம். செறிவு பாட்டிலின் நிலவரம்.

கையில் காசா, வங்கியில் காசா?

இதை ஒரு கணக்கு வழியாகப் பார்த்தால் பளிச்சென்று புரியும். பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடிய கணக்குதான் இது.

கடையில் வாங்கும் சாதாரண 5 சதவீத வினிகரை எடுத்துக்கொள்வோம். அதன் செறிவு லிட்டருக்குச் சுமார் 0.83 மோல். (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணுவதற்கான அளவு. வாழைப்பழத்துக்கு டஜன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இந்த வினிகரின் pH சுமார் 2.4 இருக்கும்.

இப்போது இன்னொரு முகவையில் HCl. அதை லிட்டருக்கு 0.004 மோல் மட்டுமே இருக்கும்படி நன்றாக நீர்த்துவிடுகிறோம். அதன் pH-ம் 2.4 தான்.

இரண்டிலும் pH தாளைத் தோய்த்தால் ஒரே நிறம்தான் காட்டும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவு அமிலம் என்றுதான் தோன்றும். ஆனால் வினிகரில் இருக்கும் அமிலம், அந்த HCl-ல் இருப்பதைப்போல 200 மடங்குக்கும் மேல்!

எப்படி இது? HCl-ல் இருப்பது கொஞ்சம், ஆனால் அத்தனையும் உடைந்து நிற்கிறது. வினிகரில் இருப்பது நிறைய, ஆனால் ஆயிரத்துக்கு நாலைந்துதான் உடைந்திருக்கிறது. pH தாள் எண்ணுவது உடைந்து வெளியே நிற்கும் அயனிகளை மட்டும்தான். உடையாமல் காத்திருக்கும் மூலக்கூறுகள் அதன் கண்ணுக்கே தெரியாது.

இரண்டு பேர் நிற்கிறார்கள், இருவர் சட்டைப்பையிலும் ஆளுக்கு 4 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு அந்த 4 ரூபாய்தான் மொத்த சொத்து. இன்னொருவருக்கு வங்கியில் 800 ரூபாய்க்கு மேல் கிடக்கிறது. பையைத் தடவிப் பார்த்தால் இருவரும் ஒன்று. செலவு செய்ய ஆரம்பித்தால்தான் வண்டவாளம் தெரியும்.

அந்தச் செலவு செய்யும் வேலையைத்தான் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் என்கிறார்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்கு பியூரெட்டும் பிப்பெட்டும் நினைவிருக்கும்.

வினிகரை 10 மில்லி எடுத்து, ஒரு சொட்டு பினால்ஃப்தலீன் விட்டு, பியூரெட்டில் இருந்து லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை விடுகிறோம். காரம் உள்ளே வந்ததும் வெளியே நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளைக் காலி செய்யும். உடனே, உடையாமல் இருந்த மூலக்கூறுகளில் சில உடைந்து அந்த இடத்தை நிரப்பும். அதையும் காரம் காலி செய்யும். மறுபடியும் சில உடையும். வங்கியில் இருந்து எடுத்து எடுத்துச் செலவழிப்பது மாதிரி இது போய்க்கொண்டே இருக்கும். கரைசல் இளஞ்சிவப்பாக மாறி நிலைக்க, சுமார் 83 மில்லி காரம் தேவைப்படும். 50 மில்லி பியூரெட் என்றால் நடுவில் ஒருமுறை நிரப்ப வேண்டிவரும்.

அந்த நீர்த்த HCl-ஐ 10 மில்லி எடுத்து இதையே செய்தால்? 0.4 மில்லி. பியூரெட்டைத் திறந்து மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதனால்தான் pH-ஐ மட்டும் பார்த்து ஒரு அமிலக் கரைசலை எடைபோடக் கூடாது என்கிறார்கள் வேதியியல் ஆசிரியர்கள். pH சொல்வது இந்த நொடியின் நிலவரத்தை. மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது, அதைச் சமன் செய்ய எவ்வளவு காரம் வேண்டும் என்பதை அது சொல்லாது.

தண்ணீர் விட்டால் என்ன ஆகும்?

வலிமை மாறாது என்றால், தண்ணீர் விடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? இங்கே ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது.

HCl-ஐ 100 மடங்கு நீர்த்தால் அதன் pH எண் சரியாக 2 கூடும். pH-ல் ஒவ்வொரு எண்ணும் 10 மடங்கு என்பதால் இது எதிர்பார்த்ததுதான். வினிகரை அதேபோல 100 மடங்கு நீர்த்தால் pH ஒரு எண்தான் கூடுகிறது, அதாவது 2.4-ல் இருந்து சுமார் 3.4-க்கு.

காரணம், தண்ணீர் கூடக் கூட அசிட்டிக் அமில மூலக்கூறுகள் உடையும் விகிதமும் கூடுகிறது. ஆயிரத்துக்கு 4, 5 ஆக இருந்தது, இப்போது நூறுக்கு 4, 5 ஆகிவிடும். உடைந்து பிரிந்த துண்டுகள் மறுபடியும் ஒன்றையொன்று சந்தித்து ஒட்டிக்கொள்ள வேண்டும் இல்லையா? கூட்டம் குறைந்தால் அந்தச் சந்திப்பும் குறையும். அதனால் உடைந்தவை உடைந்தபடியே இருக்கின்றன.

அப்படியென்றால் தண்ணீர் விட்டால் அமிலம் வலிமையாகிறதா என்று கேட்கத் தோன்றும். இல்லை. உடையும் விகிதம்தான் கூடியது. லிட்டருக்கு எத்தனை ஹைட்ரஜன் அயனி என்று எண்ணினால் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துதான் இருக்கிறது. அமிலத்தின் வலிமையைக் குறிக்க வேதியியலாளர்கள் பயன்படுத்தும் பிரிகை மாறிலி என்ற எண்ணும் இந்த நீர்த்தலில் மாறுவதில்லை.

இந்த 'உடைதல்' என்ற யோசனையை முன்வைத்தவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ். கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துவது எப்படி என்று ஆராய்ந்து 1884-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்சலா பல்கலைக்கழகம் அதற்குக் குறைந்த தர மதிப்பீடுதான் கொடுத்தது. அதே யோசனைக்காக 1903-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அரீனியஸ் பிடித்த அந்த வழியிலேயே இன்றும் வலிமையைக் கண்டுபிடிக்கலாம். ஒரே செறிவில் HCl-ஐயும் அசிட்டிக் அமிலத்தையும் எடுத்து, இரண்டு மின்முனைகளையும் ஒரு சிறிய பல்பையும் இணைத்தால் போதும். HCl-ல் பல்பு பிரகாசமாக எரியும். அசிட்டிக் அமிலத்தில் மங்கலாக மினுங்கும். மின்சாரத்தைச் சுமப்பவை உடைந்த அயனிகள்தான் என்பதால், எத்தனை உடைந்திருக்கின்றன என்பதை பல்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. செறிவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். இல்லாவிட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

வலிமை குறைவு, ஆனால் தோலைப் பொசுக்கும்

வினிகரை ஊறுகாயிலும் சில்லி சிக்கனிலும் சாப்பிடுகிறோம். அதே அசிட்டிக் அமிலம் தண்ணீர் ஏறக்குறைய இல்லாமல், 99 சதவீதத்துக்கும் மேல் தூய்மையாக இருந்தால் அதற்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்று பெயர். சுமார் 16.6 டிகிரி செல்சியஸிலேயே உறைந்து பனிக்கட்டி போல ஆகிவிடும் என்பதால் வந்த பெயர் அது. ஊட்டியில் குளிர்காலக் காலையில் ஆய்வகத்தைத் திறந்தால் பாட்டிலோடு கெட்டியாகி நிற்க வாய்ப்பு உண்டு.

இதில் லிட்டருக்குச் சுமார் 17 மோல் அமிலம் இருக்கிறது. ஆய்வகத்தில் 'அடர்' என்று ஒட்டி வைத்திருக்கும் HCl பாட்டிலில்கூட சுமார் 12 மோல்தான். ஆக செறிவில் பார்த்தால் அசிட்டிக் அமிலம்தான் மேலே. வலிமையில் பார்த்தால் HCl-ன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் கிளேசியல் அசிட்டிக் அமிலம் கையில் கொட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். போதாக்குறைக்கு, சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியைக் கொடுக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலமும் இதே கதைதான். புத்தகப்படி அது வலிமை குறைந்த அமிலம். ஆனால் கேனில் வருவது அடர் நிலையில். தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் பாலில் ஊற்றுவார்கள். கலக்குவதற்கு முன்னால் கையில் பட்டால் புண்ணாகிவிடும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் உடம்புக்குள்ளேயே. இரைப்பையில் சுரப்பது HCl, அதாவது வலிமை மிகு அமிலம். ஆனால் அது நீர்த்த நிலையில் இருக்கிறது. இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலமும் இருப்பதால் சாப்பாடு செரிக்கிறதே தவிர, இரைப்பை செரித்துப் போவதில்லை. வாந்தி எடுக்கும்போது தொண்டையில் எரிவது இந்த அமிலம்தான். தொண்டைக்கு அந்தப் பாதுகாப்புப் படலம் அந்த அளவுக்கு இல்லை.

சரி, HF ஏன் இவ்வளவு கொடூரம்?

இப்போது குமி நகருக்குத் திரும்புவோம்.

ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் எல்லாம் ஒரே குடும்பம். இவை ஹைட்ரஜனோடு சேர்ந்து உண்டாக்கும் அமிலங்களில் HCl, HBr, HI மூன்றும் வலிமை மிகுந்தவை. HF மட்டும் தனி. ஹைட்ரஜனும் ஃப்ளூரினும் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் HF-ஐ எடுத்தால், 100 மூலக்கூறுகளில் சுமார் 8 மட்டுமே உடைந்திருக்கும். மற்ற 92-ம் முழுசாக இருக்கும்.

கேட்பதற்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அந்த உடையாத 92-தான் வில்லன்.

HCl தோலில் பட்டால் அதன் அயனிகள் மேல்தோலோடு உடனே வினைபுரியும். எரியும், புண்ணாகும். அயனிகளுக்கு மின்சுமை இருப்பதால் கொழுப்புப் படலங்களைத் தாண்டி ஆழமாக நுழைவது அவற்றுக்குக் கஷ்டம். சேதம் பெரும்பாலும் பட்ட இடத்தில்தான் இருக்கும். உடனே எரிவதால் ஆளும் உடனே ஓடிப்போய்க் கழுவுவார்.

உடையாத HF மூலக்கூறுக்கு மின்சுமை கிடையாது, உருவமும் சிறியது. அதனால் தோலை அமைதியாகக் கடந்து தசை வரைக்கும், சில நேரம் எலும்பு வரைக்கும் போய்விடுகிறது. உள்ளே போன பிறகு உடைகிறது. உடைந்து வெளிவரும் ஃப்ளூரைடு அயனி, உடம்பில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடும். ரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத்துடிப்பின் தாளம் தப்பும். HF விபத்துகளில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதாவது இங்கே HF வலிமை குறைந்ததாக இருந்தும் ஆபத்தாக இருக்கிறது என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. தோலுக்குள் நுழையும் விஷயத்தில், வலிமை குறைந்ததாக இருப்பதே அதன் ஆபத்துக்கு ஒரு காரணம்.

செறிவு தன் வேலையை வேறு இடத்தில் காட்டுகிறது. வலி எப்போது தெரியும் என்பதில்! 50 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள HF பட்டால் உடனே துடிக்க வைக்கும். 20 முதல் 50 சதவீதம் என்றால் 1 மணி நேரத்தில் இருந்து 8 மணி நேரம் வரை கழித்துத்தான் வலி தெரியும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் 24 மணி நேரம் வரைகூட ஒன்றும் தெரியாமல் போகலாம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு நடுராத்திரியில் விரல் நுனி தாங்க முடியாமல் வலிக்க ஆரம்பிக்கும். தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பகலில் கையில் பட்ட ரசாயனத்தோடு அதைத் தொடர்புபடுத்தவே பலருக்குத் தோன்றாது.

அடர் HF-ஐப் பொறுத்தவரை 160 சதுர சென்டிமீட்டர், அதாவது விரல்களோடு சேர்த்து ஒரு கைத்தலம் அளவு தோலில் பட்டாலே உயிருக்கு ஆபத்து வரலாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். HF 'வலிமை குறைந்தது' என்ற பட்டம் தண்ணீரில் கரைந்த, ஓரளவு நீர்த்த கரைசலுக்குத்தான் பொருந்தும். தண்ணீரே இல்லாத தூய ஹைட்ரஜன் ஃப்ளூரைடு திரவம் மிக வலிமையான அமிலங்களில் ஒன்றாக நடந்துகொள்ளும். குமியில் கசிந்தது தண்ணீர் கலக்காத வகை. காற்றில், கண்ணில், நுரையீரலில் இருந்த ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமானது. செறிவு எல்லை மீறிப் போகும்போது பாடப்புத்தகப் பட்டியல்கள் அப்படியே பொருந்தாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தண்ணீர் இல்லாவிட்டால் கந்தக அமிலமும் வேறு ஆள்

கந்தக அமிலத்திலும் இப்படி ஒரு முரண் இருக்கிறது. 98 சதவீத அடர் கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகு டேங்கர்களிலேயே நெடுஞ்சாலையில் கொண்டுபோகிறார்கள். டேங்கர் அரிக்காதா? பெரிதாக அரிக்காது. தண்ணீர் அவ்வளவு குறைவாக இருக்கும்போது, எஃகின் மேல் இரும்பு சல்ஃபேட் படலம் ஒன்று படிந்து கவசம் மாதிரி காத்துக்கொள்ளும்.

அதே டேங்கரில் மழைத்தண்ணீரோ, கழுவிய தண்ணீரோ புகுந்தால் கதை மாறும். அமிலம் நீர்த்துப் போகும், கவசப் படலம் கரையும், எஃகு அரிக்கத் தொடங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது தீப்பிடிக்கும் வாயு. இங்கே நீர்த்த அமிலம்தான் எஃகுக்கு எமன்.

மனிதத் தோலுக்கு இது தலைகீழ். அடர் கந்தக அமிலம் தோலில் இருக்கும் நீரையே உறிஞ்சி எடுத்துக் கருக்கிவிடும். சர்க்கரையில் ஊற்றினால் கரிக்கட்டையாகப் பொங்குவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். கருக்குவது அடர் நிலைக்கே உரிய குணம், நீர்த்த கந்தக அமிலத்தால் அது முடியாது. நீர்க்கும்போது ஏகப்பட்ட வெப்பம் வெளியாகும் என்பதால்தான், தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே என்று ஆய்வகத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மாற்றி ஊற்றினால் மேலே விழும் தண்ணீர் சட்டென்று கொதித்து, அமிலத்தோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

பாட்டிலில் இரண்டு தகவல் இருக்கும். ஒன்று அமிலத்தின் பெயர். வலிமை எப்படி, உடம்பில் என்ன செய்யும் என்பதெல்லாம் பெயரில் இருந்துதான் தெரியும். இன்னொன்று சதவீதம். அதுதான் செறிவு. 'வீக் ஆசிட்' என்று யாராவது சொன்னதை வைத்துக் கையுறையைக் கழற்ற வேண்டாம், 'டைல்யூட் பண்ணியாச்சு' என்று சொன்னதை வைத்தும் கழற்ற வேண்டாம். துரு நீக்கிகள், கண்ணாடியில் எழுத்து பொறிக்கும் கரைசல்கள், சில வகை சக்கர கிளீனர்கள் ஆகியவற்றில் HF இருக்க வாய்ப்பு உண்டு.

எந்த அமிலம் பட்டாலும் முதல் வேலை, பட்ட துணியை அகற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவது. பொதுவாகக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். அமிலத்தைச் சமன் செய்கிறேன் என்று ஆப்ப சோடாவைத் தோலில் போட்டுத் தேய்ப்பது கூடாது. அந்த வினையில் வரும் வெப்பமும் தேய்ப்பதும் புண்ணை மோசமாக்கும்.

HF என்று தெரிந்தால் கழுவுவதோடு நிறுத்தக் கூடாது. கழுவிய பிறகு கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவ வேண்டும். உள்ளே போன ஃப்ளூரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக, இந்த ஜெல்லில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. HF கையாளும் இடங்களில் இந்த ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜெல் கிடைக்காவிட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையோ லேபிளின் போட்டோவையோ எடுத்துச் செல்வது நல்லது. "ஆசிட் பட்டுடுச்சு" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் சாதாரணத் தீக்காயமாகத்தான் பார்க்க முடியும். பெயரைச் சொன்னால் கால்சியம் கொடுக்க வேண்டுமா, ஈசிஜி பார்க்க வேண்டுமா என்பது தெரியும். சதவீதத்தைச் சொன்னால், இப்போது வலி இல்லை என்பதை நம்பி வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லை ஒரு நாள் படுக்கையில் வைத்துக் கண்காணிக்க வேண்டுமா என்பது தெரியும்.